நாற்பத்து நான்கு நாட்களுக்கான ஆதாரம்

பல் டாக்டர்கள் அவளை லேப் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் பின்னறையில் பன்னிரண்டு வருடமாகப் பல்செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அளவை அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் வரிசை வைத்து, கடைசியில் மோட்டாரில் மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். ஊரில் எத்தனையோ பேர் அவள் வைத்த பல்லில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

வருமான வரிக் கணக்கை ஜூலை முப்பத்தொன்றுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். அவள் செய்தது அக்டோபர் ஆறாம் தேதி. இருபதாம் தேதி நோட்டீஸ் வந்தது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு அபராதம், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் அது முழு மாதம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் முப்பது நாளுக்குள் தள்ளுபடி கேட்டு மனு செய்யலாம் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வரி ஆலோசகரிடம் போனாள். அவர் ஆடிட்டர் பரீட்சையை மூன்று தடவை எழுதித் தேறாதவர். ஆனாலும் தெருவே அவரை ஆடிட்டர் சார் என்றுதான் கூப்பிட்டது, அவரும் மறுக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவர் அறை. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜை லேசாக நடுங்கும்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வட்டியைத் தள்ளுபடி பண்ண மாட்டாங்க, அதைக் கேக்கவே வேண்டாம். அபராதத்தைக் கேக்கலாம். நீங்க வரியையும் கட்டிட்டீங்க, கணக்கையும் போட்டுட்டீங்க. பதினொரு வருஷமா ஒரு தடவை கூடத் தவறினதில்ல. இது ரெண்டும் நமக்குச் சாதகம்" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீளமாகக் கோடு போட்டார். "இப்ப தேதி சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஜூலை பதினெட்டு, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. ஆகஸ்ட் ஒன்பது, அம்மா இறந்தது. இருபத்து மூன்று நாளும் கூட இருந்தது அவள் ஒருத்திதான். அம்மாவுக்கு வேறு பிள்ளை கிடையாது.

"அட்மிஷன் சீட்டு இருக்கா?"

"இருக்கு சார். கூட இருந்தவங்க பேருன்னு என் பேரைத்தான் போட்டிருக்காங்க. இறப்புச் சான்றிதழும் இருக்கு."

"அருமை. கெடு தேதி இதுக்கு நட்ட நடுவுல வருது. இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?" ஆலோசகர் கோட்டில் இரண்டு புள்ளி வைத்தார். மூன்றாவது புள்ளியை வெகுதூரம் தள்ளி வைத்தார். "ஆனா இங்க ஒரு ஓட்டை இருக்கும்மா. ஆகஸ்ட் ஒன்பதுலேர்ந்து அக்டோபர் ஆறு வரைக்கும் ஐம்பத்தெட்டு நாள். காரியமெல்லாம் முடிய ரெண்டு வாரம்னு வெச்சா மனுஷங்க ஒத்துக்குவாங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

கீழே மெஷின் ஓடியது. மேஜை நடுங்கியது. அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணும் பண்ணல சார்."

"ஒண்ணும் பண்ணலன்னா?"

"முடியல. அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்ட போனீங்களா? மருந்துச் சீட்டு, மாத்திரை பில், எதாவது?"

"காய்ச்சலா, தலைவலியா... என்னன்னு சொல்லிப் போறது?"

ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். டைபாய்டுன்னு போட்டு, ஆகஸ்ட் இருபதுலேர்ந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஓய்வுன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்துடுவார். பாதிப்பேர் இப்படித்தான் குடுக்கறாங்க."

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மனுப் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். நான்கு நாள் யோசித்தாள். படிவத்தின் கடைசிப் பத்தியில், மேற்கண்டவை யாவும் உண்மை, பொய்யெனத் தெரிந்தால் நடவடிக்கைக்கு உட்படுவேன் என்று இருந்தது. அதன் கீழே கையெழுத்துக் கோடு. பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, வராத டைபாய்டு வந்ததாக எழுதிக்கொடுத்தால், வந்தது எதுவோ அது வரவேயில்லை என்று ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. இதை ஆலோசகரிடம் சொல்ல வாய் வரவில்லை. "சர்டிபிகேட் வேண்டாம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப என்ன எழுதட்டும்?"

"தாயார் இறந்த பிறகு என்னால் எந்த வேலையும் செய்ய இயலவில்லைன்னு எழுதுங்க."

"இதுக்கு என்ன ஆதாரம்?"

அவள் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆலோசகர் பெருமூச்சு விட்டபடி அப்படியே எழுதினார். நோட்டீஸ் எண், கணக்காண்டு, தேதிவாரியாக நடந்தவை, இணைப்புப் பட்டியல். ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், வரி கட்டிய ரசீது, பதினொரு வருடத்துத் தாக்கல் நகல்கள். தொழிலிடத்துக்கு அத்தாட்சியாக லேப்பின் மின் கட்டண ரசீதுகளையும் அவரே சேர்த்துக்கொண்டார். நவம்பர் பன்னிரண்டாம் தேதி மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தார்.

டிசம்பர் மூன்றாம் தேதி நேரில் வரும்படி கடிதம் வந்தது.

"நீங்களே போங்கம்மா. நான் பேசினா சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கும். என்ன கேட்டாலும் சுருக்கமாச் சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடுகிற வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். அவள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "பைல் தூக்கவாவது ஒரு ஆள் வேணாமா?" என்றான்.

வரி அலுவலகம் மூன்றாம் மாடியில். காத்திருக்கும் கூடத்தில் ஜன்னல் இருந்தது, ஆனால் அலமாரியை அதன் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து நகர்ந்துதான் உள்ளே போக வேண்டும். பதினோரு நாற்காலி. எட்டாவதில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. முன்னால் ஏழெட்டு முழங்கால்கள், பின்னால் சுவர்.

"வேர்க்குதா?" என்று கணவன் கேட்டான்.

"நீங்க வெளிய இருங்களேன். நான் மட்டும் போய்ட்டு வரேன்."

"ஏன்? நான் என்ன கடிச்சா வெக்கப் போறேன்?"

அதற்குள் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அது எங்கே என்று மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். கணவன் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"உங்க அம்மா விஷயத்துல எனக்குக் கேள்வியே இல்லம்மா" என்று அதிகாரி ஆரம்பித்தார். "காகிதம் சரியா இருக்கு. ஆகஸ்ட் மாசத்தை விட்டுடலாம். நான் கேக்கறது அதுக்கு அப்புறம். எந்த வேலையும் செய்ய இயலவில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம்."

"நாங்க இதை எப்படிப் பாப்போம்னு சொல்றேன். ஒருத்தருக்கு நெஜமாவே முடியலன்னா, எல்லா வேலையும் நின்னு போயிருக்கணும். தொழில் மட்டும் ஓடுது, வரிக்கணக்கு மட்டும் நின்னு போச்சுன்னா அது காரணம் ஆகாது. புரியுதா?"

"புரியுது."

அதிகாரி பைலைப் புரட்டி மின் கட்டண ரசீதுகளை எடுத்து வரிசையாக வைத்தார். "இது லேப்புக்குத் தனி மீட்டர்தானே? ஜூலைல நீங்க ஆஸ்பத்திரில இருந்த நாள்ல கொறைஞ்சிருக்கு, சரி. ஆகஸ்ட் கடைசிலயும் செப்டம்பர்லயும் பாருங்க. வழக்கமா வர்றதுல பாதிக்கு மேல வந்திருக்கு. பூட்டிக் கெடந்த எடத்துல கரண்டு எப்படி ஓடும்?"

அவள் ரசீதைப் பார்த்தாள். எண்கள் கண்ணுக்குத் தெரிந்தன, அர்த்தம் ஆகவில்லை. தனக்கு எதிரான சாட்சி தன் பைலிலேயே இருந்திருக்கிறது.

கணவன்தான் முந்திக்கொண்டான். "அவ வேலை செஞ்சிட்டுத்தான் மேடம் இருந்தா. நான் தெனம் கேப்பேனே, மோட்டார் ஓடற சத்தம். அம்மா போன துக்கத்துலயும் ஒரு நாள் கூட நிறுத்தல. மனு எழுதினவர் தப்பா எழுதிட்டார் போல இருக்கு."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். மனைவியின் உழைப்பைச் சொல்லிக் காப்பாற்றுவதாக நினைத்தான்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்ப மனுவுல சொன்னது சரியில்லன்னு நீங்களே சொல்றீங்க."

"இல்ல மேடம்" என்றாள் அவள். "மோட்டார் ஓடிச்சு. வேலை நடக்கல."

"அப்படின்னா?"

"காலையில போய்க் கதவைச் சாத்திக்குவேன். லைட்டு, ஃபேன், மோட்டார் எல்லாத்தையும் போட்டுடுவேன். வெறும் மோட்டார்தான் சுத்தும். நான் ஸ்டூல்ல உக்காந்திருப்பேன். சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்துவேன். மறுபடி போடுவேன். சத்தம் நின்னா வீட்ல யாராவது வந்து என்னன்னு கேப்பாங்க. கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. அவனுடைய கை மட்டும் கண்ணில் பட்டது. பைலின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கை நீண்டு ரசீதுகளைத் தன் பக்கம் இழுத்தது.

"மேடம்" என்றான். குரல் மாறிப்போயிருந்தது. "எனக்கு மோட்டார்தான் தொழில். லேப்ல தண்ணி கொதிக்க வெக்கிற தொட்டி ஒண்ணு இருக்கு, பல்செட்டை வேக வெக்க. கரண்டு குடிக்கறதே அதுதான். அது ஓடியிருந்தா இந்த ரசீது இப்படிக் கொறையாது. இந்த பில்லைக் கட்டினவனே நான்தான். கொறைஞ்சிருக்கேன்னு அன்னிக்கே பாத்திருக்கணும். பாக்கல."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "நான் நம்பறேனா இல்லையாங்கறது இங்க பெரிசில்ல. நாளைக்கு ஆடிட் வந்து இந்தப் பைலைப் பிரிச்சா, எந்தக் காகிதத்தைப் பாத்து விட்டேன்னு கேப்பாங்க. நீங்க அந்த நாள்ல தொழில் பண்ணலன்னு வெளியாள் யாராவது எழுதித் தர முடியுமா? உங்களுக்கு வேலை குடுக்கறவங்க, சாமான் குடுக்கறவங்க? பத்து நாள் டைம் தரேன். பதிமூணாம் தேதிக்குள்ள."

லிஃப்ட் இருந்தும் அவன் படியில்தான் இறங்கினான். முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

"அந்தச் சத்தம் கேட்டுட்டுத்தான் நான் நிம்மதியா வேலைக்குப் போனேன், தெரியுமா? அவ சமாளிச்சிட்டான்னு நெனச்சிட்டுப் போனேன்."

"அதுக்குத்தான் போட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னன்னு சொல்வேன்? எனக்கே பேரு தெரியாத ஒண்ணை?"

மேலேயிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். இருவரும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். பிறகு அவன் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "யார்கிட்ட போய்க் கேக்கணும்?" என்றான்.

அதுதான் சிக்கல். பல்செட்டுக்கான அக்ரிலிக் பவுடர் விற்கிற கடைக்காரர் சிரமமில்லாமல் எழுதிக் கொடுத்தார். ஜூலை பதினைந்துக்குப் பிறகு செப்டம்பர் இருபத்து மூன்று வரை இவருக்கு நாங்கள் எந்தச் சரக்கும் விற்கவில்லை, மாதா மாதம் வாங்குபவர் என்று. ஆனால் வேலை நின்றதைச் சொல்லக்கூடியவர் பல் டாக்டர் ஒருவர்தான். லேப்புக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் கொடுப்பவர். ஆகஸ்ட் பதினேழில் மூன்று பேருடைய அளவை அனுப்பிவைத்து, இரண்டு வாரமாகப் போன் செய்து செய்து பார்த்து, செப்டம்பர் ஐந்தில் ஆளனுப்பித் திருப்பி எடுத்துக்கொண்டவர். செப்டம்பர் இருபத்திரண்டில் அவள் நேரில் போய் நின்றபோது, ஒரு வார்த்தை கேட்காமல், "இந்தத் தடவை சொன்ன தேதிக்கு வரணும்" என்று மட்டும் சொல்லி ஒரு பையை நீட்டியவர்.

அவரிடம் போய், நான் உங்களைக் கைவிட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் இருக்கிற வேலையும் போகலாம். கேட்காவிட்டால் மனு போகும். ஐந்து நாள் அவள் அந்த கிளினிக் வாசல் வரை போவதும் வருவதுமாக இருந்தாள். ஆறாவது நாள் கணவன் வண்டியை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். "நீ வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். கூட வரல."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். முழுவதும் சொல்லி முடித்ததும், கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த மூணு பேர்ல ஒருத்தர் ஸ்கூல் வாத்தியார். மேல் வரிசை பூரா எடுத்தாச்சு. அஞ்சு வாரம் வாயைப் பொத்திக்கிட்டே பாடம் நடத்தினார், தெரியுமா?"

"தெரியாதுங்க டாக்டர்."

"நான் உங்க மேல கடுங்கோபத்துல இருந்தேன்." அவர் லெட்டர்ஹெட்டை எடுத்தார். "ஏன்னு கேட்டிருக்கணும். நான் டாக்டர்தானே, எனக்கே தோணல." டைரியைப் பார்த்துப் பார்த்துத் தேதிகளை எழுதினார். அனுப்பியது, கேட்டது, செய்யாமலே திருப்பி வாங்கியது. செப்டம்பர் இருபத்திரண்டு முதல் மீண்டும் வேலை செய்கிறார், அன்று முதல் தாமதம் இல்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். உறையை ஒட்டுவதற்கு முன் இன்னொரு சீட்டில் வேறொரு டாக்டரின் பெயரை எழுதி உள்ளே வைத்தார். "மனசுக்குப் பாக்கறவர். என் தங்கை போறா. இது வரி ஆபீசுக்கு இல்ல, உங்களுக்கு."

ஆலோசகர் கடிதத்தைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாம் பிரமாதம். ஆனா இந்தக் கடைசி வரி எதுக்கு? இருபத்திரண்டாம் தேதியே வேலைக்கு வந்துட்டாங்கன்னு இவர் எழுதினா, அப்புறம் அக்டோபர் ஆறு வரைக்கும் ஏன் கணக்குப் போடலன்னு கேப்பாங்களே! அந்த வரியை எடுத்துட்டு வேற வாங்கிட்டு வாங்க."

"நெஜம்தானே சார்?"

"நெஜம்தான். அதான் பிரச்சினை."

அந்தப் பதினான்கு நாளும் அவளுக்கு நினைவிருந்தது. வாய் காலியாகக் காத்திருந்தவர்களின் வேலையை முதலில் முடிப்போம் என்று உட்கார்ந்தாள். மேஜையின் மறுமுனையில் வரிக் காகிதங்கள் இருந்தது தெரியும். தினமும் அதைப் பார்த்தாள், நாளைக்கு என்று நினைத்தாள். அப்போது கை ஓடியது. அதை ஓடவில்லை என்று சொல்ல முடியாது.

"அப்படியே குடுத்துடுங்க சார்" என்றாள்.

கூடுதல் மனு பன்னிரண்டாம் தேதி போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் வாசலில் போய் நிற்பாள். அக்டோபரில் நோட்டீஸ் உறையைப் பிரிக்கப் பயந்தவள், இப்போது உறை வரவில்லையே என்று பயந்தாள். அந்த நாட்களில்தான், சீட்டில் இருந்த டாக்டரிடம் இரண்டு தடவை போய் வந்தாள். முதல் தடவை பத்து நிமிடம் பேசாமலே உட்கார்ந்திருந்தாள். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜனவரி பத்தொன்பதில் உத்தரவு வந்தது. கணவன்தான் பிரித்தான், அவள் கேட்டுக்கொண்டதால். சத்தமாகப் படித்தான்.

"மனுதாரர் தாயாரின் மறைவுக்குப் பின் செப்டம்பர் இருபத்தோராம் தேதி வரை தம் தொழிலையோ பிற கடமைகளையோ கவனிக்க இயலாத நிலையில் இருந்தார் என்பது இணைக்கப்பட்ட சான்றுகளால் ஏற்கப்படுகிறது. முந்தைய ஆண்டுகளில் தவறாமல் தாக்கல் செய்துள்ளதும் கருத்தில் கொள்ளப்படுகிறது. எனவே முதல் இரண்டு மாதங்களுக்கான அபராதம் தள்ளுபடி செய்யப்படுகிறது. செப்டம்பர் இருபத்திரண்டு முதல் தொழிலுக்குத் திரும்பிய மனுதாரர், அம்மாத இறுதிக்குள் தாக்கல் செய்திருக்க இயலும் என்பதால், மூன்றாம் மாதத்துக்கான அபராதம் உறுதி செய்யப்படுகிறது."

ஆலோசகருக்குப் போன் போட்டாள். அவர் கொதித்துப் போனார். "சொன்னேனா இல்லையா? அந்த ஒரு வரி! சரி, விடுங்க. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு. மீதி ஒரு மாசத்தையும் வாங்கிடலாம்."

"வேண்டாம் சார். சரியாத்தான் எழுதியிருக்காங்க. கட்டிடறேன்."

"ஜெயிக்கற கேஸும்மா!"

"இன்னொரு தடவை அந்த நாற்காலில உக்கார என்னால ஆகாது சார்" என்றாள். அதுவும் உண்மைதான்.

போனை வைத்துவிட்டுக் கணவனிடமிருந்து உத்தரவை வாங்கினாள். முதல் பத்தியை மட்டும் மறுபடி படித்தாள். அரசாங்கத் தமிழ். உப்புச் சப்பில்லாதது. ஆனாலும் அவளுக்கு நடந்ததை நடந்தது என்று யாரோ ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாம் மாதத்தைப் பற்றிய வாக்கியத்துக்கு வந்தபோது காகிதத்தை மடித்துவிட்டாள். இரண்டும் ஒரே காகிதத்தில்தான் இருந்தன, ஒன்றைக் கிழித்தெடுக்க வழியில்லை.

"பேங்க் எப்ப மூடுவாங்க?" என்று கேட்டாள்.

"மூணரைக்கு. நாலு மணிக்கு உனக்கு டாக்டர் இருக்கு" என்றான் அவன். "ரெண்டையும் முடிச்சிட்டே வந்துடலாம்." சட்டையை மாற்றிக்கொள்ள உள்ளே போனவன், கதவைத் திறந்தே வைத்திருந்தான்.